குபேரக் கோலத்தின் ஒன்பது எண்கள்

குபேரக் கோலத்துக்குப் புள்ளியும் கிடையாது, சிக்கும் கிடையாது. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். மதுரைப் பக்கம் பல வீடுகளில் வெள்ளிக்கிழமை பூசையறையில் அரிசி மாவால் இதைப் போட்டு, ஒவ்வொரு எண்ணின் மேலும் ஒரு நாணயமும் ஒரு பூவும் வைக்கிறார்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பூசைச் சாமான் விற்கும் கடைகளில் இதே கட்டம் செப்புத் தகட்டில் பொறித்தும் கிடைக்கும். எண்கள் இவை:

27  20  25
22  24  26
23  28  21

எந்த நிரையைக் கூட்டினாலும் 72. எந்த நிரலைக் கூட்டினாலும் 72. இரண்டு மூலைவிட்டங்களும் 72. செல்வம் வருகிறதா என்பது அவரவர் நம்பிக்கை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த ஒன்பது எண்களை இப்படி அடுக்கத் தெரியாத ஒருவர், கோலப் புத்தகம் கையில் இல்லாமல், தானே யோசித்து இதை அடைய முடியுமா? அடைந்தபின் தன்னுடையதும் புத்தகத்திலுள்ளதும் வேறு வேறாக இருந்தால் என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனாலே மாயச் சதுரம் என்ற விஷயத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

முதலில் கூட்டுத்தொகை. 72 என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 20 முதல் 28 வரை ஒன்பது எண்களையும் கூட்டினால் 216. அது மூன்று நிரைகளுக்குச் சமமாகப் பிரிய வேண்டும். ஆக நிரைக்கு 72. எண்கள் இன்னவை என்று முடிவானதுமே கூட்டுத்தொகையும் முடிவாகிவிட்டது.

அடுத்து நடுக் கட்டம். இதன் வழியாக நான்கு கோடுகள் போகின்றன: நடு நிரை, நடு நிரல், இரண்டு மூலைவிட்டங்கள். நான்கையும் கூட்டினால் நான்கு 72, அதாவது 288. இந்தக் கூட்டலில் ஓரத்து எட்டுக் கட்டங்களும் ஒவ்வொரு முறை வருகின்றன. நடுக் கட்டம் மட்டும் நான்கு முறை வருகிறது. ஒன்பது கட்டங்களும் ஒருமுறை வந்தால் 216. மிச்சமுள்ள 72 நடு எண் கூடுதலாக வந்த மூன்று தடவைக்கு உரியது. ஆகவே நடுவில் 24 தவிர வேறெதுவும் உட்கார முடியாது.

நடுவில் 24 என்றால், அதன் இரு பக்கமும் எதிரெதிரே இருப்பவை சேர்ந்து 48 ஆக வேண்டும். 20க்கு எதிரே 28, 21க்கு எதிரே 27, 22க்கு எதிரே 26, 23க்கு எதிரே 25. ஜோடிகள் தாமாகவே அமைந்துவிட்டன. எந்த ஜோடி மூலையில், எந்த ஜோடி பக்கத்து நடுவில் என்பதுதான் பாக்கி.

இருப்பதிலேயே சிறிய எண்ணான 20ஐ எடுத்துக்கொள்வோம். அதை ஒரு மூலையில் வைத்தால் அது ஒரு நிரை, ஒரு நிரல், ஒரு மூலைவிட்டம் என்று மூன்று கோடுகளில் இருக்கும். மூன்றிலும் மீதி இரண்டு கட்டங்கள் சேர்ந்து 52 ஆக வேண்டும். நம்மிடமுள்ள எண்களில் 52 தரும் ஜோடிகளைத் தேடினால் 24ம் 28ம், 25ம் 27ம் என்று இரண்டே தேறுகின்றன. மூன்று கோட்டுக்கு இரண்டு ஜோடி போதாது. எனவே 20 மூலைக்குப் போக முடியாது. ஏதாவது ஒரு பக்கத்தின் நடுவில்தான் இருக்க வேண்டும். அங்கே அது இரண்டு கோடுகளில்தான் இருக்கிறது. ஒன்றில் 24ம் 28ம் அமர்கின்றன; மற்றதில் அதன் இரு புறமும் 25ம் 27ம் வந்தே ஆக வேண்டும். மேல் நிரை 27, 20, 25 ஆனதும் எதிர் ஜோடிகள் கீழ் நிரையை 23, 28, 21 என்று நிரப்பிவிடுகின்றன. இடது ஓரத்தில் 27க்கும் 23க்கும் நடுவே 22, வலது ஓரத்தில் 26. வேலை முடிந்தது. எங்கும் குத்துமதிப்பாக எதையும் வைத்துப் பார்க்கவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. நாம் தேர்ந்துகொண்டவை இரண்டே: 20 எந்தப் பக்கத்தில் நிற்கும் என்பது, அதன் வலப்புறம் 25ஆ 27ஆ என்பது. பக்கங்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. மொத்தம் எட்டு அமைப்பு. எட்டும் ஒன்றையே திருப்பியும் கண்ணாடியில் காட்டியும் கிடைப்பவை. உங்கள் கோலமும் பக்கத்து வீட்டுக் கோலமும் வேறாகத் தெரிந்தால் தாளைச் சுற்றிப் பாருங்கள், அல்லது பின்புறமிருந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் இரண்டில் ஒன்று தப்பு.

தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதும் எளிது. மலிவான அச்சுகளில் எண் மாறிப்போவது உண்டு. நடு நிரையின் கடைசியில் 26க்குப் பதில் 29 விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடு நிரை 75 காட்டும், வலது நிரலும் 75 காட்டும், மற்றவை எல்லாம் 72. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில்தான் பிழை. மூன்று கூடியிருப்பதால் அங்கே மூன்றைக் குறைக்க வேண்டும். அதே நிரையில் 22ம் 26ம் இடம் மாறியிருந்தால் நோய் வேறு மாதிரி தெரியும். நிரை 72 என்றே சொல்லும். ஆனால் இடது நிரல் 76, வலது நிரல் 68 என்று நிற்கும். நிரைகளை மட்டும் கூட்டிப் பார்த்துத் திருப்தியடைபவர்களுக்கு இந்தப் பிழை அகப்படாது.

குபேரக் கோலத்தின் எல்லா எண்களிலிருந்தும் 19ஐக் கழித்துப் பார்த்தால் இது தனிப்பிறவி அல்ல என்று தெரியும்.

8  1  6
3  5  7
4  9  2

ஒன்று முதல் ஒன்பது வரை, கூட்டினால் 15. நவக்கிரக யந்திரங்களில் சூரியனுக்குரியதாகச் சொல்லப்படும் கட்டம் இதன் கண்ணாடி பிம்பம்: மேல் நிரை 6, 1, 8, நடு நிரை 7, 5, 3, கீழ் நிரை 2, 9, 4. சூரிய யந்திரத்தின் ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் கூட்டினால் சந்திரனுக்குரிய 18 வருகிறது. மறுபடி ஒன்றைக் கூட்டினால் செவ்வாய்க்கு 21. இப்படியே புதனுக்கு 24, குருவுக்கு 27, சுக்கிரனுக்கு 30, சனிக்கு 33, ராகுவுக்கு 36, கேதுவுக்கு 39. ஒன்பது தகடுகளை ஒன்பது விலைக்கு வாங்குபவர் கணக்கின் கண்ணில் ஒரே சதுரத்தைத்தான் ஒன்பது முறை வாங்குகிறார். குபேரனுடையது பத்தாவது.

கூட்டுத்தொகையைச் சொன்னால் எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. கூட்டுத்தொகையை மூன்றால் வகுத்தால் நடு எண். அதிலிருந்து நான்கைக் கழித்தால் தொடக்க எண். 72க்கு 24, பிறகு 20. மூன்றால் வகுபடாத கூட்டுத்தொகைக்கு, சொல்லப்போனால் 100க்கோ 625க்கோ, முழு எண்களால் ஆன மூன்றுக்கு மூன்று சதுரமே கிடையாது. எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டாம் என்று சலுகை தந்தாலும் கிடையாது, ஏனென்றால் நடுக் கட்டம் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒன்று என்ற வாதத்தில் தொடர்ச்சிக்கு வேலையே இல்லை. ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை மாயச் சதுரங்களுக்கே கொடுத்திருக்கிறார். அங்கே அவர் குறிக்கும் ஒரு பண்பு: மூன்றுக்கு மூன்று சதுரத்தில் நடு நிரை, நடு நிரல், இரண்டு மூலைவிட்டங்கள் ஆகிய நான்கும் கூட்டுத் தொடர்களாகவே இருக்கும். குபேரக் கோலத்தில் 22, 24, 26. 20, 24, 28. 27, 24, 21. 25, 24, 23. கும்பகோணத்துப் பள்ளிப் பருவத்தில் தொடங்கிய ஆர்வம் இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவருடைய மற்ற கணிதத்தோடு ஒப்பிட்டால் சிறுபிள்ளை வேலைதான். ஆனால் விடைகளை வரிசையாக அடுக்காமல், அவற்றுக்குப் பொதுவான வடிவத்தைத் தேடும் குணம் அதிலேயே தெரிகிறது.

யோசிக்காமல் கையால் நிரப்பும் வழியும் ஒன்று உண்டு. அதன் பயணம் சுவையானது. பிரெஞ்சு அரசனின் தூதராக 1687இல் சயாமுக்குப் போன சிமோன் டி லா லூபேர், திரும்பும் கப்பலில் எண்களைச் சதுரமாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார். உடன் வந்த வின்சென்ட் என்பவர், சூரத்தில் இந்தியர்கள் இதை இன்னும் சுலபமாகச் செய்கிறார்கள் என்று சொல்லி ஒரு முறையைக் காட்டினார். லா லூபேர் 1691இல் வெளியிட்ட சயாம் பற்றிய நூலில் அதைச் சேர்த்தார். சூரத்துச் சரக்குக்கு அன்றிலிருந்து உலகம் முழுக்கச் சயாம் முறை என்று பெயர் நிலைத்துவிட்டது.

முறை இது. முதல் எண்ணை மேல் நிரையின் நடுவில் வையுங்கள். அடுத்த எண்ணை ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் வலப்பக்கம். மேலே இடம் இல்லை என்றால் அந்த நிரலின் அடியில் வையுங்கள். வலப்பக்கம் இடம் இல்லை என்றால் அந்த நிரையின் இடது ஓரத்தில். போக வேண்டிய கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தாலோ, மேல் வலது மூலையில் வந்து முட்டினாலோ, இப்போது வைத்த எண்ணுக்கு நேர் கீழே இறங்குங்கள். 20ஐ மேல் நடுவில் வைத்தால் 21 கீழ் வலது மூலைக்கு விழுகிறது. 22 இடது ஓரத்து நடுவுக்குப் போகிறது. 23 போக வேண்டிய இடத்தில் 20 இருப்பதால் 22க்குக் கீழே இறங்குகிறது. 24, 25 சாய்வாக ஏறி மூலையைத் தொடுகின்றன. 26 அதன் கீழே, 27 மேல் இடது மூலையில், 28 கீழ் நடுவில். பூசையறையில் போடும் அதே குபேரக் கோலம், திருப்பக்கூட வேண்டாம்.

ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று ஒற்றைப்படைச் சதுரம் எதுவானாலும் இந்த முறை பலிக்கும். நான்கில் பலிக்காது, பலிக்காத விதமும் பார்க்கத் தக்கது. மேல் நிரையின் இரண்டாம் கட்டத்தில் தொடங்கி, மேல் வலது மூலையிலிருந்து கீழ் இடது மூலைக்கும், கீழே இடம் இல்லாதபோது அதே நிரலின் உச்சிக்கும் போகவிட்டு, 1 முதல் 16 வரை மற்றபடி இதே விதியில் நிரப்பினால் கிடைப்பது:

15  1  7  9
4  6  12  14
5  11  13  3
10  16  2  8

நிரல்கள் நான்கும் 34 என்று சரியாக வந்து ஆசை காட்டும். நிரைகள் 32, 36, 32, 36 என்று தள்ளாடும். மூலைவிட்டங்கள் இரண்டும் 42. இரட்டைப்படைச் சதுரங்களுக்கு வேறு வழிதான் வேண்டும். அதிலும் நான்கால் வகுபடுபவை (4, 8, 12) ஒரு சாதி, வகுபடாதவை (6, 10, 14) இன்னொரு சாதி. 1356இல் எழுதிய கணித கௌமுதியில் நாராயண பண்டிதர் ஒற்றைப்படையையும் சேர்த்து இந்த மூன்று வகையாகவே பிரித்து முறைகள் தருகிறார். ஆறுக்கு ஆறு மூன்றிலும் பிடிவாதமானது. அதை இங்கே தொடவில்லை.

நான்குக்கு நான்கில் குணம் தலைகீழாக மாறுகிறது. மூன்றில் திருப்பல்களைக் கழித்தால் ஒரே விடை. நான்கில் 1 முதல் 16 வரையுள்ள எண்களுக்கு 880 விடைகள் உண்டு என்று பிரெனிக்கில் என்ற பிரெஞ்சுக்காரர் எண்ணிவைத்தார்; அது 1693இல் வெளியாயிற்று. ஐந்தில் 27 கோடியைத் தாண்டுகிறது. மூன்றில் நமக்குத் தேர்வே இல்லை. நான்கில் தேர்வு மிகுதி, அதனால்தான் விரும்பிய கூட்டுத்தொகையை வரவழைக்க முடிகிறது.

கஜுராஹோவில் பார்சுவநாதர் சமணக் கோயிலில் பொறித்துள்ள சதுரத்தை எடுத்துக்கொள்வோம்.

7  12  1  14
2  13  8  11
16  3  10  5
9  6  15  4

கூட்டுத்தொகை 34. இதில் 13, 14, 15, 16 ஆகிய நான்கும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு நிரையிலும் ஒன்று, ஒவ்வொரு நிரலிலும் ஒன்று, ஒவ்வொரு மூலைவிட்டத்திலும் ஒன்று. ஆகவே இந்த நான்கில் மட்டும் எவ்வளவைக் கூட்டினாலும் எல்லாக் கோடுகளும் அதே அளவு ஏறும். மதுரையின் அஞ்சல் குறியீடுகள் 625இல் தொடங்குகின்றன. மூன்றுக்கு மூன்றில் முடியாது என்று மேலே கைவிட்ட எண் அது. 625இலிருந்து 34 போனால் 591. அதை நான்கு எண்களில் ஏற்றினால்:

7  12  1  605
2  604  8  11
607  3  10  5
9  6  606  4

எல்லாக் கோடுகளும் 625. மேடைக் கணித வித்தைக்காரர்கள் பார்வையாளரிடம் ஓர் எண்ணைக் கேட்டு நொடியில் கட்டம் போடுவது பெரும்பாலும் இப்படித்தான். எண் 34க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 33 என்றாலே 13 போய் 12 ஆகி, ஏற்கெனவே உள்ள 12ஓடு மோதும். இந்த வித்தையில் எனக்கு மனம் ஒட்டவில்லை. பன்னிரண்டு சிறிய எண்களுக்கு நடுவே நான்கு பூதங்கள் நிற்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. கேட்கும் எண் 60, 70 என்ற அளவில் இருந்தால் மட்டுமே எடுபடும்.

இதைவிட நாகரிகமானது பள்ளிக் கணித மன்றங்களில் ராமானுஜன் பிறந்தநாளன்று மாட்டிவைக்கும் பிறந்தநாள் சதுரம். அவர் பிறந்தது 22-12-1887. மேல் நிரையில் அந்தத் தேதி:

22  12  18  87
88  17  9  25
10  24  89  16
19  86  23  11

கூட்டுத்தொகை 139. இது வந்த வழியைப் பிரித்துப் பார்க்கலாம். தேதி, மாதம், ஆண்டின் முற்பாதி, பிற்பாதி ஆகிய நான்கும் நான்கு குடும்பங்கள். ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் மூலைவிட்டத்திலும் குடும்பத்துக்கு ஒருவர் வீதம் நிற்கிறார்கள். இரண்டாம் நிரையில் இருப்பவை 87ஐ விட ஒன்று கூட, 18ஐ விட ஒன்று குறைவு, 12ஐ விட மூன்று குறைவு, 22ஐ விட மூன்று கூட. கூட்டலும் கழித்தலும் அந்த நிரைக்குள்ளேயே ஈடாகிவிடுகின்றன. மூன்றாம் நிரையில் 12ஐ விட இரண்டு குறைவு, 22ஐ விட இரண்டு கூட, 87ஐ விட இரண்டு கூட, 18ஐ விட இரண்டு குறைவு. நான்காம் நிரையில் 18 ஒன்று ஏறி, 87 ஒன்று இறங்கி, 22 ஒன்று ஏறி, 12 ஒன்று இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கங்கள் நிரல்களிலும் மூலைவிட்டங்களிலும் அதேபோல் சுழியாகின்றன. எந்தத் தேதியைப் போட்டாலும் கூட்டல் தவறாது.

தவறக்கூடியது வேறொன்று. தேதிக் குடும்பம் 22 முதல் 25 வரை நான்கு அடுத்தடுத்த எண்களைப் பிடிக்கிறது. மாதம் 9 முதல் 12 வரை, ஆண்டின் முற்பாதி 16 முதல் 19 வரை, பிற்பாதி 86 முதல் 89 வரை. நான்கு குடும்பங்களின் எல்லைகளும் ஒன்றோடொன்று உரசவில்லை. அதனால் பதினாறு எண்களும் வெவ்வேறு. மாதம் மூன்று படி கீழே இறங்குவதால், ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்களுக்கு அங்கே சுழியோ குறை எண்ணோ வரும்.

1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதியின் பிறந்தநாள் 11-12-1882. மேலுள்ள விதிப்படி போட்டால் தேதி 11 முதல் 14 வரையும், மாதம் 9 முதல் 12 வரையும் பரவும். 11, 12 இரண்டும் இருமுறை வந்துவிடும். இதற்கு மருந்து குறிகளை மாற்றுவது: கூட்டிய இடத்தில் கழித்து, கழித்த இடத்தில் கூட்ட வேண்டும். அப்போது தேதி 8 முதல் 11, மாதம் 12 முதல் 15, முற்பாதி 17 முதல் 20, பிற்பாதி 80 முதல் 83.

11  12  18  82
81  19  15  8
14  9  80  20
17  83  10  13

கூட்டுத்தொகை 123, பதினாறும் வெவ்வேறு எண்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களுக்கும் முதலில் முயல வேண்டிய மருந்து இதுவே. மாதம் இப்போது கீழே இறங்காமல் மேலே ஏறுகிறது.

மதுரையில் 16-9-1916 அன்று பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு இந்த மருந்தும் பலிக்காது. 16, 9, 19, 16 என்று மேல் நிரையிலேயே 16 இரண்டு முறை நிற்கிறது. அதற்குக் கீழே எந்த மாற்றம் செய்தும் பயனில்லை. ராமானுஜன் சதுரத்தின் விதியில் அப்படியே போட்டால்:

16  9  19  16
17  18  6  19
7  18  18  17
20  15  17  8

எல்லாக் கோடுகளும் 60, ஆனால் 17ம் 18ம் மும்மூன்று முறை. இன்றைய புதிர்ப் புத்தகங்கள் இதைச் சதுரமாகவே ஒப்புக்கொள்ளாது. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் ஒப்புக்கொண்டிருப்பார். பிருகத் சம்ஹிதையில் வாசனைப் பொருள் கூட்டும் பகுதியில் அவர் தரும் நான்குக்கு நான்கு கட்டத்தில் 1 முதல் 8 வரையுள்ள எண்களே ஒவ்வொன்றும் இருமுறை வருகின்றன. பதினாறு கட்டங்கள் பதினாறு வாசனைப் பொருள்கள்; எண்கள் எத்தனை பங்கு என்பதைச் சொல்கின்றன. எந்தக் கோட்டிலிருந்து நான்கு பொருளை எடுத்தாலும் மொத்தம் 18 பங்கு. அவருக்கு வேண்டியிருந்தது கலவையின் அளவு மாறாமல் மணம் மட்டும் மாறுவது. இரண்டு பொருள்களின் பங்கு ஒன்றாக இருப்பதில் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை.